தோட்டம் கைமாறும்போது அம்மாவுக்குச் சேர வேண்டிய தொகை

“சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் அம்மா 18 வருடம் 4 மாதம் பால் வெட்டினார். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். இபிஎஃப் இருக்கிறதே, வேறு பணம் கிடையாது என்கிறார் கிராணி. ஒரு தாளில் கையெழுத்தும் கேட்கிறார்.”

அந்தத் தாளில் ‘சுகாரெலா’ என்ற சொல் இருந்தால் அம்மா கையெழுத்துப் போடவே வேண்டாம். தாமாக விலகியவருக்குப் பணிநீக்கப் பலன் கிடையாது என்பதால், அந்த ஒரு சொல்லே அவரது பல்லாண்டு உழைப்பின் தொகையை இல்லாமலாக்கிவிடும்.

இபிஎஃப் அவருடைய சொந்தச் சேமிப்பு. 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி வரும் பணிநீக்கப் பலன் அதற்குப் புறம்பானது. புதிய முதலாளி, கைமாறிய 7 நாளுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத வேலையைத் தர முன்வந்தால் சேவை தொடரும், பலன் கிடைக்காது; அப்படி முன்வராவிட்டால் அதைக் கொடுக்கப் பழைய முதலாளி, புதிய முதலாளி இருவருமே கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. ஆகவே, வேலை தருவதாக எழுத்தில் ஏதும் வந்ததா என்பதை முதலில் பாருங்கள்.

ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். பால் வெட்டுக்கு மாதா மாதம் சம்பளம் மாறுவதால், கடைசி 12 மாதச் சம்பளத்தைக் கூட்டி 365-ஆல் வகுக்க வேண்டும். அது 21,900 வெள்ளி என்றால் ஒரு நாளுக்கு 60 வெள்ளி, ஆண்டுக்கு 1,200 வெள்ளி. உடைந்த 4 மாதத்தையும் சேர்த்து மொத்தம் 22,000 வெள்ளி. வேலை முடிந்த 7 நாளுக்குள் இது கைக்கு வர வேண்டும். எட்டு வார நோட்டீஸ் தராவிட்டால் அதற்குரிய சம்பளம் தனி.

வராவிட்டால் சம்பளச் சீட்டுகளோடு லேபர் ஆபிசில் புகார் கொடுங்கள். சொக்சோவின் வேலையிழப்புக் காப்புறுதிக்கு 60 நாள்தான் கெடு, அதையும் உடனே பதிந்துவிடுங்கள்.