வீட்டு வாசலில் ஊக்கமருந்துச் சோதனை: அந்த 60 நிமிடம்

கேள்வி: என் தங்கை பளுதூக்கும் வீராங்கனை, ஊர் சத்துவாச்சாரி. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பதிவுபெற்ற சோதனைப் பட்டியலில் அவள் பெயர் வந்திருக்கிறது. போட்டி இல்லாத நாளிலும் வீட்டுக்கு வருவார்களாமே? தினமும் எங்கே இருக்கிறாள் என்று சொல்ல வேண்டுமா? ஒரு நாள் வெளியூர் போனால் என்ன ஆகும்?

பதில்:

வருவார்கள், முன்கூட்டிச் சொல்லாமல். ஸ்டீராய்டு தசையை வளர்ப்பது பயிற்சி மாதங்களில்தான். மருந்தை நிறுத்திச் சில காலம் கழித்துப் போட்டிக்கு வருபவரின் சிறுநீரில் தடயம் கிடைக்காமல் போகலாம். அதனால்தான் இந்தத் திடீர் வருகை.

வேலூரில் பளுதூக்கும் பிள்ளைகளுக்கு இந்த விவரங்களைப் பதிவு செய்ய உதவி வருகிறேன். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று தொடங்கும் ஒவ்வொரு காலாண்டுக்கும், அது தொடங்குவதற்கு முன்பே அடுத்த மூன்று மாத விவரத்தை இதற்கென உள்ள ஆடம்ஸ் என்ற இணையதளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ ஏற்ற வேண்டும். ஒவ்வொரு இரவும் தங்கும் முகவரி, பயிற்சி, படிப்பு, வேலை நடக்கும் இடமும் நேரமும், போட்டி அட்டவணை ஆகியவற்றோடு, தினமும் காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையே ஒரு 60 நிமிட நேரத்தைக் குறிப்பிட வேண்டும். அந்த 60 நிமிடமும் குறிப்பிட்ட இடத்தில் இருந்தே ஆக வேண்டும். மற்ற நேரத்திலும் சோதிக்க வரலாம். அப்போது ஆள் இல்லாவிட்டால் அது தவறவிட்ட சோதனை ஆகாது. ஆனால் தந்த தகவலே தவறு என்று தெரிந்தால், தகவல் தராத குற்றமாகப் பதிவாகும்.

வெளியூர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கையின் நேரம் சத்துவாச்சாரி வீட்டில் காலை 5.30 முதல் 6.30 வரை என்று வைத்துக்கொள்வோம். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்காக முந்தின மாலையே பாட்டி வீட்டுக்குப் போகிறாள். இரவு தங்கும் முகவரியை மட்டும் குடியாத்தத்துக்கு மாற்றிவிட்டு, 60 நிமிட இடத்தை அப்படியே விட்டுவிடுகிறாள். நான் அதிகம் பார்ப்பது இந்தத் தவறைத்தான். இரண்டும் தனித்தனிப் பதிவுகள். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறிவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது.

அதிகாரி சத்துவாச்சாரிக்கு வந்து கதவைத் தட்டுகிறார். அந்த நேரம் முடியும்வரை அங்கேயே இருந்து, நியாயமான எல்லா வழியிலும் தேடிப் பார்க்கிறார். கைப்பேசியில் அழைத்துச் சொல்வது முன்னறிவிப்பு ஆகிவிடும் என்பதால், கடைசி ஐந்து நிமிடத்தில்தான் அழைக்கலாம், அதுவும் அவர் விரும்பினால். 6.25க்கு அழைப்பு வந்தாலும், குடியாத்தத்தில் இருப்பவளால் என்ன செய்ய முடியும்? அது தவறவிட்ட சோதனை. முந்தின இரவோ, அன்று அதிகாலை 5.30க்கு முன்போ இடத்தை மாற்றியிருந்தால் சிக்கலே இல்லை.

தவறவிட்ட சோதனையும் தகவல் தராத குற்றமும் ஒரே கணக்கில் சேரும். 12 மாதத்துக்குள் மொத்தம் மூன்று ஆனால், உடலில் மருந்தே இல்லாவிட்டாலும் விதிமீறல்தான். வழக்கமான தடை இரண்டு ஆண்டு, தவறின் அளவைப் பார்த்து ஓராண்டு வரை குறைக்கலாம். 2019இல் 100 மீட்டர் ஓட்டத்தில் உலகச் சாம்பியனான கிறிஸ்டியன் கோல்மன், அதே ஆண்டு டிசம்பரில் வீட்டுக்கு அருகே கடைக்குப் போயிருந்தபோது ஒரு சோதனையைத் தவறவிட்டார், அது அவர் கணக்கில் மூன்றாவது. தன்னை யாரும் கைப்பேசியில் அழைக்கவில்லை என்றார். அழைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டாண்டுத் தடை மேல்முறையீட்டில் 18 மாதமாகக் குறைந்தும் டோக்கியோ ஒலிம்பிக் அவருக்குக் கிடைக்கவில்லை.

நம் ஊர் முகவரியில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண்கள். அவள் பழைய எண்ணை மட்டும் எழுதி, தெருவில் புதிய எண் பலகை தொங்கினால், வெளியூர் அதிகாரி எப்படிக் கண்டுபிடிப்பார்? இரண்டு எண்களையும் எழுதுங்கள். எந்த மாடி, எந்தப் பக்கம் வாசல், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது கடை எது என்பதையும் சேருங்கள். வெளி கேட் பூட்டியிருக்கும் வீடு என்றால், அந்த ஒரு மணி நேரம் பூட்டைத் திறந்து வையுங்கள். அழைப்பு மணி வேலை செய்கிறதா என்று பாருங்கள். தூக்கத்தில் மணிச் சத்தம் கேட்கவில்லை என்ற சமாதானத்தை ஏற்க மாட்டார்கள்.

நீங்களோ பயிற்சியாளரோ அவளுக்காக விவரம் ஏற்றலாம். ஆனால் பிழைக்கு அவள்தான் பொறுப்பு. எனவே யார் ஏற்றினாலும் அவளே திறந்து ஒரு முறை படிக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் கைப்பேசித் திரையோடு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தவறு என்று முகமையிலிருந்து கடிதம் வந்தால் பதில் சொல்ல 14 நாள் தருவார்கள். இடத்தை எப்போது மாற்றினாள் என்பதற்கு அந்தப் படம் சான்றாக இருக்கும்.