வட்டியைத் தீர்மானிப்பது சேமிப்பா, கைக்காசா? மலையக வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வட்டியைப் பற்றித்தான். ஒரே இடத்தைச் சுற்றி வந்ததால் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

உயர்தர மாணவர், ஹட்டன்: சேர், வட்டி வீதத்தைத் தீர்மானிப்பது கடன்தகு நிதிகளின் கேள்வியும் நிரம்பலும் என்று ஒரு பாடத்தில் படித்தோம். அடுத்த பாடத்தில் பணத்தின் கேள்வியும் நிரம்பலும் என்கிறார்கள். இரண்டில் எது சரி?

தம்பி, இரண்டும் சரி. ஆனால் இரண்டும் எண்ணுவது வேறு வேறு பொருட்களை. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இப்போது எவ்வளவு நீர் நிற்கிறது என்பது ஒரு கேள்வி, அதற்குள் ஒரு நாளில் எவ்வளவு நீர் வந்து விழுகிறது என்பது வேறொரு கேள்வி. திரவத்தன்மை விருப்புக் கோட்பாடு (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் நீர்மை விருப்பம் என்று இருக்கும்) நிற்கும் நீரைப் பார்க்கிறது: நாட்டில் இருக்கும் பணத்தை, வட்டி தராத கைக்காசாகவே வைத்திருக்க மக்கள் எவ்வளவு விரும்புகிறார்கள் என்று கேட்கிறது. கடன்தகு நிதிக் கோட்பாடு ஓடும் நீரைப் பார்க்கிறது: ஓர் ஆண்டில் எவ்வளவு சேமிக்கிறார்கள், எவ்வளவு முதலீட்டுக்குக் கேட்கிறார்கள் என்று. பொருளியலாளர் கெயின்ஸ் 1936 இல் முதலாவதைச் சொன்னபோது ரொபர்ட்சன் போன்ற பொருளியலாளர்கள் இரண்டாவதை விட்டுக்கொடுக்கவில்லை. 1937 இலேயே ஹிக்ஸ் இரண்டையும் ஒரே படத்தில் வரைந்து காட்டிவிட்டார்.

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சண்டை தீர்ந்துவிடும். ஒரு கற்பனை நாடு. மக்கள் வைத்திருக்க விரும்பும் பணம், வருமானத்தின் பாதியிலிருந்து வட்டி வீதத்தின் 10 மடங்கைக் கழித்தது. முதலீடு, 100 இலிருந்து வட்டியின் 4 மடங்கைக் கழித்தது. சேமிப்பு, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து 20 ஐக் கழித்தது. நாட்டில் பணம் 100, விலைமட்டம் 1, முழு வேலைவாய்ப்பில் வருமானம் 400. வட்டி 10 என்று வைத்துப் பார்: பணத் தேவை 100, சேமிப்பு 60, முதலீடு 60. எல்லாம் பொருந்துகிறது.

இப்போது மத்திய வங்கி பணத்தை 110 ஆக்குகிறது. விலைகள் இன்னும் அசையவில்லை. கையில் கூடிய காசை வைத்திருக்க விருப்பமில்லாதவர்கள் அதைக் கொடுத்துத் திறைசேரி உண்டியல்களை, அதாவது அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்க விற்கும் பத்திரங்களை, வாங்குவார்கள், வட்டி இறங்கும். இறங்கிய வட்டியில் முதலீடு கூடும், அதனால் வருமானம் கூடும், வருமானம் கூடியதால் பணத் தேவையும் கொஞ்சம் கூடும். கடைசியில் வட்டி 9.5 இலும் வருமானம் 410 இலும் நிற்கும். சேமிப்பு 62, முதலீடும் 62. கவனி, கடன்தகு நிதிச் சந்தை இங்கேயும் சமநிலையில்தான் இருக்கிறது. வட்டி அதைச் சமப்படுத்தவில்லை, வருமானம் நகர்ந்து சமப்படுத்தியது. குறுங்காலம் என்பது இதுதான்.

410 என்பது நாட்டின் கொள்ளளவை விட அதிகம். கூலியும் விலையும் மெல்ல ஏறி, விலைமட்டம் 1.1 ஆகும்போது 110 ரூபாவின் உண்மைப் பெறுமதி பழையபடி 100. வருமானம் 400 க்கும் வட்டி 10 க்கும் திரும்பிவிடும். நீண்டகாலத்தில் பணச்சந்தையைச் சமப்படுத்தும் வேலையை விலைமட்டம் எடுத்துக்கொள்கிறது, வட்டி சேமிப்பையும் முதலீட்டையும் பார்க்கப் போய்விடுகிறது.

பரீட்சையில் படம் வரையும்போது ஒன்று: கடன்தகு நிதிப் படத்தின் நிலைக்குத்து அச்சில் விலையேற்றத்தைக் கழித்த மெய் வட்டி வீதம், பணச்சந்தைப் படத்தில் பத்திரத்தில் எழுதியிருக்கும் பெயரளவு வட்டி வீதம். விலை அசையாத மேலே உள்ள கணக்கில் இரண்டும் ஒன்று. விலை ஏறிக்கொண்டே இருக்கும் நாட்டில் ஒன்றல்ல.

ஓய்வுபெற்ற ஆசிரியை, பண்டாரவளை: பணம் அச்சடித்தால் வட்டி குறையும் என்றுதான் சொல்வார்கள். 2020 இல் என் நிலையான வைப்புக்கு வட்டி விழுந்தது உண்மை. ஆனால் அச்சடித்த அதே பணத்தால்தான் 2022 இல் வட்டி ஏறியது என்கிறார்களே, இது எப்படி?

அம்மா, மேலே ஹட்டன் மாணவருக்குச் சொன்ன கணக்கின் இரண்டு பகுதிகளையும் நீங்கள் உங்கள் வைப்புப் புத்தகத்திலேயே பார்த்திருக்கிறீர்கள். 2020 ஜூலையில் மத்திய வங்கி, வங்கிகள் தன்னிடம் ஓரிரவு வைக்கும் காசுக்குக் கொடுக்கும் துணைநில் வைப்பு வசதி வீதத்தை 4.50 சதவீதத்துக்கு இறக்கியது. அந்த ஆண்டு முடிவில் 91 நாள் திறைசேரி உண்டியலின் விளைவு, அதாவது அதை வாங்குபவருக்குக் கிடைக்கும் ஆண்டு வட்டி, 5 சதவீதத்துக்கும் கீழே. அவ்வளவு குறைந்த வட்டிக்கு அரசு கேட்ட கடனை மக்களும் வங்கிகளும் முழுதாகக் கொடுக்கவில்லை. மீதி உண்டியல்களை மத்திய வங்கியே புதுப் பணத்தால் வாங்கியது. இது முதல் பகுதி.

புதுப் பணம் புதுச் சேமிப்பு அல்ல. யாரும் செலவைக் குறைத்து அதை ஒதுக்கி வைக்கவில்லை. அந்தக் காசோடு கடைக்குப் போனவர்கள் கேட்ட பொருள் நாட்டில் விளையாதபோது அது இறக்குமதியாக வந்தது, டொலர் கரைந்தது. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதியைப் பிடித்து வைப்பதை விட்டுவிட்டார்கள். 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 350 ஐத் தாண்டியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின் ஆண்டுப் பணவீக்கம் அந்த ஆண்டு செப்டெம்பரில் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது.

விலை இப்படி ஏறும்போது 5 சதவீதத்துக்குக் கடன் கொடுக்க யாருக்குப் பைத்தியம்? பெயரளவு வட்டி என்பது மெய் வட்டியோடு எதிர்பார்க்கும் பணவீக்கத்தையும் கூட்டியது. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது, வங்கிகளுக்கு அது கொடுக்கும் ஓரிரவுக் கடனின் வட்டியான துணைநில் கடன் வசதி வீதம் 14.50 ஆனது. 91 நாள் உண்டியல் அதற்குப் பிறகு 30 சதவீதத்தையும் கடந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் கோட்பாட்டுக்கு வக்காலத்து வாங்குவதாகிவிடும். அந்த 30 முழுவதும் பணவீக்கத்தால் வந்ததல்ல. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்திய அரசு, உள்நாட்டுக் கடனிலும் கை வைக்குமோ என்ற பயமும் அதில் இருந்தது. 2023 ஜூன் இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை அறிவித்தபோது, சந்தையில் உள்ளவர்களின் உண்டியல்களைத் தொடமாட்டோம் என்றார்கள். விளைவுகள் சரசரவென்று இறங்கி, ஆண்டு முடிவில் 91 நாள் உண்டியல் 15 சதவீதத்துக்குக் கீழே வந்தது. பயத்தின் விலை இரண்டு படங்களிலும் தானாக வராது, நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், 2022 இல் இருபது சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கி மகிழ்ந்தவர்கள் மெய்யாக இழந்துகொண்டுதான் இருந்தார்கள். அந்த ஆண்டு விலை ஏறிய வேகத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தோட்டத் தொழிற்சங்க உறுப்பினர், தலவாக்கலை: குறுங்காலம், நீண்டகாலம் என்கிறீர்கள். எத்தனை மாதம், எத்தனை வருடம்?

நாட்காட்டியில் இல்லை. விலையும் கூலியும் அசையாமல் நிற்கும் வரை குறுங்காலம், அசைந்து முடிந்தால் நீண்டகாலம். எல்லாம் ஒன்றாக அசைவதும் இல்லை. 2022 இல் கோதுமை மாவின் விலை அடுத்தடுத்து ஏறியது. தோட்டத்து நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாக ஆனது, 1350 க்கு ஏறியது 2024 இல். கடைக்காரருக்கு நீண்டகாலம் வந்துவிட்டது, கொழுந்து பறிப்பவருக்குக் குறுங்காலம் மூன்று வருடம் நீடித்தது. பாடப்புத்தகத்தில் ‘விலைமட்டம் சரிசெய்துகொள்ளும்’ என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிற விடயம், லயத்தில் அடுப்பெரிப்பவருக்கு அந்த மூன்று வருடம்.

பணவீக்கத்துக்குப் பழகிய நாட்டில் குறுங்காலம் சுருங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சடித்த செய்தி வந்ததுமே விலையைக் கூட்டக் கற்றுக்கொண்ட கடைக்காரர்களிடம், வட்டி குறையும் இனிமையான காலம் மிகக் குறைவாகத்தான் கிடைக்கும்.

சீட்டு நடத்துபவர், மஸ்கெலியா: எல்லாரும் சீட்டுப் போட்டு, திறைசேரி உண்டியலில் போட்டு, நிறையச் சேமித்தால் நாட்டில் வட்டி குறையுமா? அடகுக்கடை வட்டியும் குறையுமா?

நீண்டகாலத்தில் குறையும். உடனடியாக, பாதிவழிதான். முன்பு சொன்ன கணக்கில் ஒவ்வொரு வருமானத்திலும் மக்கள் 10 கூடுதலாகச் சேமிக்க முடிவெடுத்தார்கள் என்று வையுங்கள். பணம் 100 இலேயே இருக்கிறது. செலவு குறைவதால் கடையில் வியாபாரம் படுக்கிறது, வருமானம் 400 இலிருந்து 375 க்கு இறங்குகிறது. 10 கூட்டிச் சேமிக்க நினைத்தவர்கள் உண்மையில் கூட்டியது 5 தான். வட்டி 10 இலிருந்து 8.75 க்கு இறங்குகிறது, அதுவும் வருமானம் குறைந்ததால் கைக்காசின் தேவை குறைந்ததால்தான். விலைகள் இறங்கி வருமானம் 400 க்கு மீண்ட பிறகே சேமிப்பு முழுதாக 70 ஆகும், வட்டி 7.5 க்கு வரும். மத்திய வங்கி நடுவில் பணத்தைக் கூட்டினால் அந்த வலியான பாதையைச் சுருக்கலாம்.

அடகுக்கடை வேறு கதை. அதில் தங்கத்தின் விலையும், சின்னத் தொகைக்கு ஆகும் வேலைச் செலவும், உங்கள் ஊரில் போட்டி இருக்கிறதா இல்லையா என்பதும் கலந்திருக்கின்றன. மத்திய வங்கி அரை வீதம் குறைத்ததும் அங்கே பலகை மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சிறுதோட்ட உரிமையாளர், வெலிமடை: பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்ய வங்கிக் கடன் எடுக்கிறேன். ஐந்து வருடத்துக்கு நிலையான வட்டியா, மாறும் வட்டியா? இப்போது குறைந்திருக்கும் வட்டி நிற்குமா?

நிற்குமா என்பது, அது ஏன் குறைந்தது என்பதைப் பொறுத்தது. மத்திய வங்கி பணத்தைத் தள்ளியதால் குறைந்திருந்தால் விலை ஏறும்போது திரும்பும். மக்கள் கூடச் சேமிப்பதாலோ, அரசு குறைவாகக் கடன் கேட்பதாலோ, பயம் விலகியதாலோ குறைந்திருந்தால் நிற்கும்.

இரண்டையும் பிரித்தறிய மூன்று இடங்களைப் பாருங்கள். மத்திய வங்கி வாரா வாரம் வெளியிடும் உண்டியல் ஏலத்தில் 91 நாள் விளைவையும் 364 நாள் விளைவையும் ஒப்பிடுங்கள். 2022 இன் இறுதியில் 91 நாள் உண்டியல் 364 நாளை விட உயரத்தில் இருந்தது: வட்டி பின்னர் இறங்கும் என்று சந்தை எதிர்பார்த்தது, இறங்கியது. இதற்கு நேர்மாறாக, குறுகிய கால வீதம் விழுந்துகொண்டே இருக்க அரசின் நீண்டகாலக் கடன் பத்திரங்களான பிணைமுறிகளின் விளைவு விழ மறுத்தால், சந்தை பணவீக்கத்தை மோப்பம் பிடிக்கிறது என்று எடுக்கலாம். இரண்டாவது, ஏலத்தில் விடப்பட்ட தொகை முழுதாக விலைபோகிறதா என்பது. 2021 இல் பலமுறை போகவில்லை. அந்த மீதியை மத்திய வங்கி நேரடியாக வாங்குவதை 2023 இன் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் தடுத்துவிட்டது, அதனால் அந்த வழியில் வரும் செயற்கைக் குறைவு இப்போது கடினம். மூன்றாவது, பணவீக்கம் சட்டத்துக்குப் பின் வைத்த 5 சதவீத இலக்கை விட்டு மேலே ஓடுகிறதா என்பது.

மறுநடுகை செய்த இடம் வருமானம் தரச் சில வருடங்கள் பிடிக்கும். அதுவரை தவணையைத் தேயிலை கட்டாது, வேறு எங்கிருந்தாவதுதான் கட்டுவீர்கள். அந்த நிலையில் இருப்பவர் மாறும் வட்டியின் ஏற்றத்தைத் தாங்க மாட்டார். வங்கி கேட்கும் கூடுதல் ஒன்றிரண்டு வீதம் என்றால், அதைக் கொடுத்து நிலையான வட்டியை எடுப்பேன் நான்.