டெலிவரி குறைந்தால் வெறும் டிரேடிங் தானா? கேள்வி பதில்

ஈரோட்டு வாசகர்: வழக்கமா 50 சதவீதம் டெலிவரி வரும் பங்கு சார். நேற்று விலை 7 சதவீதம் ஏறியது, டெலிவரி 15 தான். வெறும் இன்ட்ராடே கூட்டம் தானே?

பாதி சரி. நீங்கள் அனுப்பிய எண்களையே பாருங்கள். தினமும் 4 லட்சம் பங்கு கைமாறி 2 லட்சம் டெலிவரி ஆகும். நேற்று 20 லட்சம் கைமாறி 3 லட்சம் டெலிவரி. 17 லட்சம் அன்றே வாங்கி அன்றே விற்ற சுழற்சிதான். ஆனாலும் டீமேட்டுக்குப் போன பங்கு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு. சுழற்சி பெருத்ததால் சதவீதம் சிறுத்துத் தெரிகிறது.

நான் சதவீதத்தை விட்டுவிட்டு, NSE மாலையில் தரும் `sec_bhavdata_full` கோப்பில் `DELIV_QTY` எண்ணை அதன் 20 நாள் சராசரியோடு ஒப்பிடுவேன். அடுத்த நாலைந்து நாளில் கூட்டம் கலைந்த பிறகும் அது 2 லட்சத்துக்கு மேலேயே இருந்து, விலையும் இறங்காமல் நின்றால் யாரோ சேர்க்கிறார்கள். உடனே பழைய அளவுக்கு வந்துவிட்டால், உச்சியில் வாங்கி வெளியேற முடியாமல் டெலிவரியாக மாற்றிக்கொண்டவர்களும் அந்த 3 லட்சத்தில் இருக்கக்கூடும்.

அவரே: பல்க் டீல் பட்டியலில் ஒரு நிறுவனம் 6.2 லட்சம் வாங்கியிருக்கே?

அதே பெயர் விற்பனைப் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். மொத்த டெலிவரியே 3 லட்சம் எனும்போது, 6.2 லட்சத்தையும் அவர்கள் கையில் வைத்திருக்க வழியே இல்லை. கம்பெனியின் மொத்தப் பங்கில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒருவர் ஒரே நாளில் வியாபாரம் செய்தாலே பெயர் வந்துவிடும். மாலையில் மிச்சம் வைத்தாரா என்பதை வாங்கியதில் விற்றதைக் கழித்து நாம்தான் பார்க்க வேண்டும்.

பிளாக் டீல் வேறு. காலையிலும் மதியத்திலும் திறக்கும் தனி நேரத்தில் நடப்பது. 2025-இல் செபி அதன் குறைந்தபட்ச அளவை 10 கோடியிலிருந்து 25 கோடி ரூபாயாக உயர்த்தியது. அதில் வாங்கியதை அன்றே விற்றுக் கணக்கை நேர்செய்ய முடியாது, எல்லாமே டெலிவரி.

திருப்பூர் வாசகி: என் பங்கில் தினமும் 100 சதவீதம் டெலிவரி. அப்போ நல்ல பங்குதானே? இரண்டு வருஷமா வச்சிருக்கேன்.

மேலே சொன்ன கோப்பின் `SERIES` பத்தியில் `BE` என்று இருக்கிறதா பாருங்கம்மா. இருந்தால் அந்தப் பங்கில் இன்ட்ராடேவுக்கே அனுமதி இல்லை. விதிப்படி எல்லாமே டெலிவரிதான், அந்த 100-க்கு அர்த்தம் எதுவும் இல்லை.

மதுரை வாசகர்: பிளாக் டீலில் புரொமோட்டர் விற்றார், மியூச்சுவல் ஃபண்டு வாங்கியது. யார் பக்கம் சாய்வது?

இதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. டெலிவரி ஆன ஒவ்வொரு பங்குக்கும் விற்றவர் ஒருவர் உண்டு. ஒருமுறை வாங்கிய ஃபண்டின் பெயரை மட்டும் நம்பி நானும் வாங்கினேன். அதே புரொமோட்டர் அடுத்த காலாண்டில் இன்னொரு பகுதியை இறக்கினார், விலை சரிந்தது. அதிலிருந்து, விற்றவரிடம் இன்னும் எவ்வளவு மீதி என்று பங்குதாரர் பட்டியலில் பார்ப்பேன். அப்புறம், சில வாரங்கள் விலை அந்த டீல் விலைக்கு மேலேயே நிற்கிறதா என்று காத்திருப்பேன். அவர் ஏன் விற்றார் என்பது இந்த எண்கள் எதிலும் இருக்காது.