இயந்திரத்துக்குப் பணம் தராமல் முனைமத்தில் பங்கு கொடுத்தால்: கேள்வி பதில்

மாணவி: 5,40,000 ரூபாய் இயந்திரம். 100 ரூபாய் பங்கை 20 ரூபாய் முனைமத்தில் கொடுக்கிறார்கள். 5,400 பங்கு என்று போட்டேன். விடை வேறாக இருக்கிறது. எங்கே தவறு சார்?

பதில்: வகுத்த எண்ணில்தான் தவறு. விற்பனையாளர் ஒரு பங்கை 120 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். அதனால் 5,40,000 ÷ 120 = 4,500 பங்குகள்தான் அவருக்குச் சேரும். முகமதிப்பு 100 என்பது பங்கு முதல் கணக்கில் எவ்வளவு எழுத வேண்டும் என்பதற்கு மட்டுமே.

இயந்திரம் வந்ததும்:

இயந்திரக் க/கு ப 5,40,000
— விற்பனையாளர் க/கு 5,40,000

பங்கு ஒதுக்கியதும்:

விற்பனையாளர் க/கு ப 5,40,000
— பங்கு முதல் க/கு 4,50,000
— பத்திர முனைமக் க/கு 90,000

நீங்கள் போட்ட 5,400 பங்குகளோடு முனைமத்தையும் எழுதிப் பாருங்கள். பங்கு முதல் 5,40,000, முனைமம் 1,08,000, மொத்தம் 6,48,000 வரும். விற்பனையாளருக்குத் தர வேண்டியதோ 5,40,000தான். அவர் கணக்கு சரியாக முடிகிறதா என்று பார்த்தாலே இந்தத் தவறு பிடிபட்டுவிடும்.

கணக்கு எழுதுபவர்: முனைமம் நிறுவனத்துக்கு மிச்சமாகக் கிடைத்த தொகை. அதனால் அதை இலாபமாகத்தான் காட்ட வேண்டும், இல்லையா?

பதில்: முகமதிப்புக்கு மேல் கிடைத்தது என்பது வரை சரி. ஆனால் அது வியாபாரத்தில் சம்பாதித்ததல்ல, பங்குதாரராக வருபவர் போட்ட முதலின் ஒரு பகுதி. இங்கே அவர் அதை ரொக்கமாகத் தரவில்லை, இயந்திரமாகத் தந்திருக்கிறார், அவ்வளவுதான். இந்திய நிறுமச் சட்டம் 2013, பிரிவு 52இன்படி இதைப் பத்திர முனைமக் கணக்கில்தான் வைக்க வேண்டும். ஊக்கப் பங்கு வழங்குவது போன்ற சில வேலைகளுக்கு மட்டும் எடுக்கலாம். ரொக்கப் பங்காதாயம் தர எடுக்க முடியாது. இலாப நட்டக் கணக்கில் சேர்த்துவிட்டால் பங்காதாயத்துக்கு உகந்த தொகை 90,000 கூடிவிட்டதுபோல் தெரியும். ஆபத்து அதில்தான்.

சிறு நிறுவன உரிமையாளர்: எங்கள் இயந்திரத்தின் விலை 5,50,000. பங்கு அதே 120. வகுத்தால் 4,583.33 வருகிறது. ஏற்றுக்கூலி, பொருத்தும் கூலி என்று நாங்கள் தனியாக 15,000 கொடுத்தோம். அதற்கும் பங்கு கொடுக்க வேண்டுமா?

பதில்: ஒரு பங்கின் மூன்றில் ஒரு பகுதியை மட்டும் ஒதுக்க முடியாது. 4,583 பங்குகள் கொடுங்கள். அது 5,49,960 ஆகிறது. மீதி 40 ரூபாயை ரொக்கமாகத் தீர்த்துவிடுங்கள். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

விற்பனையாளர் க/கு ப 5,50,000
— பங்கு முதல் க/கு 4,58,300
— பத்திர முனைமக் க/கு 91,660
— வங்கிக் க/கு 40

அந்த 15,000 விற்பனையாளருக்குச் சேர வேண்டிய பணம் இல்லை, அதற்குப் பங்கும் இல்லை. இயந்திரக் கணக்கில் பற்று, வங்கியில் வரவு. இயந்திரம் ஓடும் நிலைக்கு வர ஆன செலவு என்பதால் அதன் அடக்கத்தில் சேரும். தேய்மானம் 5,65,000க்குக் கணக்கிட வேண்டும்.

வேறொருவர்: அப்படியானால் ரொக்க ஓட்ட அறிக்கையில் 5,50,000 முதலீட்டு வெளியேற்றம், 5,49,960 பங்கு வரவு என இரண்டு பக்கமும் காட்டலாமா? கழித்தால் சரியாகத்தானே வருகிறது?

பதில்: கூடாது. வராத பணம் வந்ததாகவும், போகாத பணம் போனதாகவும் ஆகிவிடும். வங்கியிலிருந்து உண்மையில் போன 40 ரூபாயும் 15,000 ரூபாயும் மட்டும் முதலீட்டு நடவடிக்கையில் வரட்டும். பங்குக்கு ஈடாக இயந்திரம் வாங்கியதைக் குறிப்பாக எழுதுங்கள். இருப்புநிலைக் குறிப்பின் பங்கு முதல் விவரத்திலும், ரொக்கம் பெறாமல் ஒதுக்கிய பங்குகளைத் தனியே சொல்ல வேண்டும்.

தணிக்கைப் பயிற்சியாளர்: முதல் கேள்வியில் வந்த அதே 5,40,000 கணக்குதான், ஆனால் விற்பவர் இயக்குநரின் உறவினர். இயந்திரம் 4,00,000கூடப் பெறாது என்று சந்தேகம். பதிவுகள் எல்லாம் சமமாகத்தான் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: பதிவு சமமாக இருப்பதால் விலை சரி என்று ஆகாது. இயந்திரத்தை 5,40,000 என்று எழுதினால் முதலும் முனைமமும் சேர்ந்து அதே அளவு ஏறிவிடும், பேரேடு எதையும் காட்டிக்கொடுக்காது. உண்மை மதிப்பு 4,00,000தான் என்றால் 4,500 பங்குகளுக்கு ஒன்றுக்கு ஏறக்குறைய 89 ரூபாய்தான் கிடைத்திருக்கிறது. முனைமமே இல்லை; முகமதிப்புக்கும் கீழே போய்விட்டது. தள்ளுபடியில் பங்கு வெளியிடுவதைப் பிரிவு 53 தடுக்கிறது. அதனால் உறவுமுறை வெளிப்படுத்தலோடு நிறுத்தாமல், சுதந்திரமான மதிப்பீட்டாளரின் அறிக்கையைக் கேளுங்கள். அதே வகை இயந்திரத்துக்கு வேறு இடத்தில் விலைப்புள்ளியும் வாங்கிப் பாருங்கள்.

தணிக்கைப் பயிற்சியாளர்: அது தனியாகச் சொல்லிச் செய்த இயந்திரம். சந்தை விலையே இல்லை. பங்கும் பட்டியலிடப்படாதது.

பதில்: அப்படியானால் இரண்டு பக்கமும் மங்கலாகத்தான் இருக்கிறது. பொதுவாக முதலில் வாங்கிய சொத்தின் நியாய மதிப்பைத்தான் தேடுவோம். அது கிடைக்காதபோது பங்கின் மதிப்புக்குப் போவோம். இங்கே தயாரிப்புச் செலவிலிருந்து தொடங்குவதா, இயந்திரம் ஈட்டப்போகும் வருமானத்திலிருந்து தொடங்குவதா என்பதில் மதிப்பீட்டாளர்களே ஒத்துப்போக மாட்டார்கள். நான் தயாரிப்புச் செலவைத்தான் முதலில் கேட்பேன், செலவுப் பட்டியல்களை வைத்துச் சரிபார்க்க முடியும் என்பதால். வேறு கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.