முகர்ந்ததை நோட்டில் எழுதுவது எப்படி? வாசகர் கேள்விகள்

முகர்ந்த வாசனையைச் சொற்களில் எழுதி மூக்கைப் பழக்கும் வாசனை நோட்டு பற்றிப் போன முறை போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

நோட்டு வாங்கியாயிற்று. முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

கடைக்குப் போகத் தேவையில்லை, சமையலறையிலேயே நான்கு பொருள் கிடைக்கும். கிராம்பு, சீரகம், காபித் தூள், எலுமிச்சைத் தோல். இந்த நான்கைச் சொல்வதற்குக் காரணம், ஒன்றின் வாசனை இன்னொன்றின் பக்கத்தில்கூட வராது. பிரான்ஸில் கிராஸ் நகரத்தில் 1946-ல் ரூர் நிறுவனத்தின் வாசனைத் திரவியப் பள்ளியைத் தொடங்கிய ழான் கார்ல் வைத்த முறையும் இதுதான். மாணவர்கள் முதலில் நன்றாக வேறுபடும் வாசனைகளைப் பழகுவார்கள். ஒரே குடும்பத்து வாசனைகளைப் பிரித்தறிவது அதற்குப் பிறகுதான்.

மூடியுள்ள, ஒரே மாதிரியான சின்னக் கண்ணாடி பாட்டில் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், பழைய வாசனையை அது லேசில் விடாது. கிராம்பையும் சீரகத்தையும் ஒன்றிரண்டாகத் தட்டி, அரை ஸ்பூன் போட்டு, உள்ளே இருப்பது தெரியாதபடி மேலே கொஞ்சம் பஞ்சு வையுங்கள். எலுமிச்சைத் தோலை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சீவிப் போட வேண்டும். பாட்டிலின் அடியில் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.

வாரத்தில் மூன்று நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். திங்கட்கிழமை முகர்ந்து எழுதும் நாள். கண்ணை மூடிக்கொண்டு, குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று முறை உறிஞ்சுங்கள். ஒரேயடியாக நெஞ்சு நிறைய இழுக்க வேண்டாம். மூக்கை எடுத்த உடனே எழுதுங்கள்: எவ்வளவு வலு, எதை ஞாபகப்படுத்துகிறது, மூக்கில் குளிர்ச்சியோ எரிச்சலோ உண்டா, முதலில் வந்தது எது, கடைசியில் தங்கியது எது. பொருளின் பெயரைக் கடைசியில் எழுதுங்கள். பெயரை முதலில் எழுதினால், பொருளைப் பற்றி ஏற்கெனவே தெரிந்ததைத்தான் கை எழுதும்.

புதன்கிழமை பாட்டிலைத் தொடாதீர்கள். வெற்றுப் பக்கத்தில் ‘கிராம்பு’ என்று எழுதி, அந்த வாசனையை மனதுக்குக் கொண்டுவரப் பாருங்கள். வந்ததை எழுதிய பிறகு பாட்டிலைத் திறந்து, விட்டுப்போனது எது என்று பாருங்கள். முதல் வாரம் பலருக்கு ஒன்றுமே வராது. அது பரவாயில்லை, பயிற்சியின் கனமான பகுதியே இந்த நாள்தான்.

சனிக்கிழமை வீட்டில் யாரையாவது பாட்டில்களைக் கலைத்து வைக்கச் சொல்லுங்கள். முகர்ந்து, ஊகத்தை எழுதி, எவ்வளவு உறுதி என்று ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண் போட்ட பிறகே அடியைப் பார்க்க வேண்டும். தவறினால் எதை எதாக நினைத்தீர்கள் என்று தனியாகக் குறித்துவையுங்கள். அடுத்த வாரம் தவறியவை தங்கட்டும், சரியாகச் சொன்னவற்றின் இடத்தில் புதியவை வரட்டும்.

பஞ்சு வைத்து மறைக்கிற அளவுக்கு அவசியமா? என்னை நானே ஏமாற்றிக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் மாட்டீர்கள், கண் ஏமாற்றும். 2001-ல் வெளியான ஒரு ஆய்வில், பிரான்ஸின் போர்தோ பகுதியில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அதன் மணத்தை வர்ணிக்க அவர்கள் எடுத்தவை சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் சொற்கள். படிப்பே அதுதான் என்றிருந்தவர்களுக்கே இப்படி. பஞ்சு வையுங்கள்.

‘நல்லா இருக்கு’, ‘ஒரு மாதிரி இருக்கு’ தவிர எனக்கு எதுவும் எழுத வரவில்லை.

ஆங்கிலச் சொற்பட்டியல்களைத் தேடிப் போகாதீர்கள். நம் சமையலறையில் புழங்குவதை எண்ணிப் பாருங்கள். மசாலா வதங்கும்போது பச்சை வாசனை. மிளகாய் தாளித்தால் நெடி, கமறல். அடிப்பிடித்தால் காந்தல். பழைய எண்ணெய்ப் பலகாரத்தில் சிக்கு வாடை. மீன் கழுவிய பாத்திரத்தில் கவுச்சி. நேற்றைய குழம்பு ஊசல். இவை ஒவ்வொன்றும் ஒரு தனி வாசனை. ‘கெட்ட நாற்றம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் எல்லாம் போச்சு. (நாற்றம் என்ற சொல்லே ஒரு காலத்தில் நல்ல மணத்தையும் குறித்ததுதான்.)

அப்புறம், ஞாபகத்தை எழுத வெட்கப்படாதீர்கள். ‘தாத்தாவின் டிரங்குப் பெட்டி’ என்பது ‘மரம், இனிப்பு’ என்பதைவிடச் சீக்கிரம் அந்த வாசனையை மீட்டுத் தரும். நோட்டு உங்களுக்குப் புரிந்தால் போதும்.

மூன்றாவது வாரம் துளசியைச் சேர்த்தேன். சனிக்கிழமை தொடர்ந்து கிராம்பு என்றே எழுதுகிறேன். என் மூக்கில் கோளாறா?

இல்லை, மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. கிராம்பு வாசனையின் முதுகெலும்பு யூஜினால் என்ற பொருள். துளசியிலும் அது உண்டு, வகைக்கு வகை அளவு மாறும். இரண்டுக்கும் பொதுவானதைப் பிடித்துவிட்டீர்கள், வேறுபடுவதை இன்னும் பிடிக்கவில்லை.

இந்த இரண்டையும் மட்டும் ஒரு பக்கத்தில் எதிரெதிரே எழுதுங்கள். ஒற்றுமையைத் தொடாமல், ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாததை மட்டும் எழுத வேண்டும். என் நோட்டில் கிராம்புக்கு நேரே ‘பல் டாக்டர் அறை, கனம், கடைசியில் காய்ந்த மரம்’ என்று இருக்கிறது. பல் அடைக்கும் கலவையிலும் யூஜினால் சேர்ப்பார்கள், அதனால்தான் அந்த அறை. துளசிக்கு நேரே ‘ஈரம், கசக்கிய இலை, மேலே மிளகு மாதிரி ஒரு குத்தல்’. அடுத்த சனிக்கிழமை ‘இனிப்பும் காரமுமா?’ என்று கேட்டுக்கொண்டிருக்காமல் ‘ஈரம் இருக்கிறதா?’ என்று தேடுங்கள். ஒரு விஷயம்: எதிரெதிரே எழுதும்போது துளசியை முதலில் முகருங்கள். கிராம்பு முதலில் போனால் யூஜினாலுக்கு மூக்கு மரத்துவிடும். பின்னால் வரும் துளசி வெறும் இலையாகத் தெரியும். சனிக்கிழமை அந்த வரிசை வந்துவிட்டால், சரியான விடை வந்தாலும் அதை நம்ப முடியாது.

இது பழகியதும் ஓமத்தையும் கற்பூரவல்லியையும் எடுத்துப் பாருங்கள். அங்கே தைமால் என்ற வாசனைப் பொருளும் அதன் நெருங்கிய உறவான கார்வக்ராலும் இதே வேலையைக் காட்டும்.

நான்காவது பாட்டிலுக்கு வரும்போது எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. காபிக்கொட்டை முகர்ந்தால் சரியாகுமா?

வாசனைத் திரவியக் கடையில் காபிக்கொட்டை வைப்பது வழக்கம்தான். ஆனால் சோதித்துப் பார்த்தபோது அது வெறும் காற்றைவிடக் கூடுதலாக உதவவில்லை. பாட்டிலுக்குப் பாட்டில் ஒரு நிமிடம் விட்டு, சன்னலோரம் போய் மூச்சு விடுங்கள், அல்லது உங்கள் முழங்கை மடிப்பை முகருங்கள். முதல் உறிஞ்சலைவிட இரண்டாவது பாதியாகத் தெரிந்தால் மூக்கு களைத்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கு நிறுத்திவிடலாம். சாப்பிட்ட உடனே உட்காராதீர்கள், கையில் சோப்பு வாசனையும் இருக்கக் கூடாது.

கோவிட் வந்த பிறகு எனக்கு வாசனை பாதிதான் தெரிகிறது. இந்த நோட்டு உதவுமா?

உங்களுக்கு வேண்டியது வேறு. ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரத்து மருத்துவர் தாமஸ் ஹும்மல் குழு 2009-ல் வெளியிட்ட முறையில் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கை, தினமும் காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் பத்து விநாடி அளவுக்கு, 12 வாரம் முகர்வார்கள். ஊகிப்பதும் மதிப்பெண்ணும் அதில் கிடையாது. முதலில் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். வேண்டுமானால் பக்கத்துக்கு ஒரு வரி, ‘இன்று தெரிந்தது, தெரியவில்லை’ என்று குறித்து மருத்துவரிடம் காட்டலாம்.

வாசனை எண்ணெய் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். பாட்டில் வாயில் மூக்கை வைக்காமல், வெள்ளைத் தாளை விரல் அகலத்தில் கிழித்து அதன் நுனியில் ஒரு சொட்டு விடுங்கள். போட்ட உடனே ஒரு முறை, பத்து நிமிடம் கழித்து ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை எழுதுங்கள். எலுமிச்சை எண்ணெய் மறுநாள் அநேகமாகக் காணாமல் போயிருக்கும். சந்தன எண்ணெய் அப்போதும் தாளில் உட்கார்ந்திருக்கும்.