வீட்டு எமர்ஜென்சி ஃபைல்: எதுக்கு கெடு முதல்ல வருதோ அது முதல் பக்கம்

கேள்வி: அண்ணே, மதுரை செல்லூர்ல இருக்கோம், வீட்டுக்காரர் சின்னதா ஒரு பட்டறை வச்சிருக்கார். ரெண்டு பேங்க் கணக்கு, எல்ஐசி மூணோ நாலோ, வீட்டு லோன், என் நகை கொஞ்சம் அடகுல, எல்லாம் அவர் தலைக்குள்ளதான் இருக்கு. போன மாசம் திடீர்னு ஆஸ்பத்திரில சேத்தப்ப இன்சூரன்ஸ் கார்டு எங்கனு கூட எனக்கு தெரியல. ஒரு ஃபைல் போடணும், என்னென்ன எழுதணும்? கேட்டாலே "நான் என்ன செத்தா போயிட்டேன்"னு கத்துறார்.

பதில்:

தங்கச்சி, ஃபைல் போடுறவங்க முக்காவாசி பேர் எஃப்டி எவ்வளவு, எடம் எங்க, நகை எத்தனை பவுன்னு சொத்தைத்தான் மொதல்ல எழுதுறாங்க. எஃப்டி எங்கயும் ஓடிப்போகாது, ஆறு மாசம் கழிச்சு கண்டுபிடிச்சாலும் அங்கதான் கெடக்கும். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ், இஎம்ஐ, நகைக்கடன், பிரீமியம் இதெல்லாம் தேதி வச்சு நிக்குற சமாச்சாரம், நாம தேடிக்கிட்டு இருக்குற நேரத்துலயே கெடு தாண்டிரும். அதனால கெடு முதல்ல வர்றதை முன்னாடி எழுதுங்க, சொத்து கடைசிப் பக்கம் போதும்.

முதல் பக்கம் ஆஸ்பத்திரி. ஹெல்த் இன்சூரன்ஸ் இருந்தா அவசரமா அட்மிட் பண்ணின 24 மணி நேரத்துக்குள்ள கம்பெனிக்கு சொல்லணும்னு பெரும்பாலான பாலிசில போட்டிருப்பாங்க. பாலிசி நம்பர், கார்டு காப்பி, கார்டு பின்னாடி இருக்குற டோல்ஃப்ரீ நம்பர், மதுரைல எந்தெந்த ஆஸ்பத்திரில கேஷ்லெஸ் இருக்கு, இவ்வளவும் ஒரே பக்கத்துல வரணும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கார்டு இருந்தா அந்த நம்பரையும் எழுதுங்க, கூடவே குடும்ப அட்டை, ஆதார் காப்பி. சாப்பிடுற மாத்திரை பேர், சுகர் பிரஷர் இருக்கா, எந்த மருந்து ஒத்துக்காது, இதையும் அதே பக்கத்துல எழுதிருங்க, டாக்டர் மொதல்ல கேக்குறது அதைத்தான்.

இந்தப் பக்கத்துலயே இன்னொரு கேள்வி வரும், அட்வான்ஸ் கட்ட பணம் எந்தக் கணக்குல இருந்து எடுப்பீங்க? இங்கதான் நிறைய பேர் "நான்தான் நாமினி, எனக்கு தருவாங்க"னு நம்பிக்கிட்டு இருக்காங்க. நாமினிங்கறது கணக்குக்காரர் இறந்த பிறகுதான், அவர் ஐசியூல உயிரோட இருக்குறப்ப நாமினிக்கு அஞ்சு பைசா எடுக்க உரிமை கிடையாது. சுயநினைவோட இருந்து கையெழுத்து மட்டும் போட முடியலைனா கைரேகை வச்சு எடுக்க வழி இருக்கு, ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தர் பேங்க் ஆபீசரா இருக்கணும், அவங்க ஆஸ்பத்திரிக்கே வந்து பாக்கணும்னு ஆகும், அந்த நேரத்துல அந்த அலைச்சல் பெரிய கொடுமை. இதுக்கு ஒரே சுலபமான வழி, ரெண்டு கணக்குல ஒண்ணையாவது உங்க ரெண்டு பேர் பேர்லயும் "எய்தர் ஆர் சர்வைவர்"னு மாத்துறது. ஆளுக்கொரு கையெழுத்துல தனித்தனியா எடுக்கலாம், அவர் இல்லாத காலத்துலயும் நீங்க எடுக்கலாம். ரெண்டு பேரும் ஆதார், பான் கார்டோட பிராஞ்சுக்கு ஒரு தடவை போனா போதும். ஆஸ்பத்திரி செலவுக்கு ஆகுற தொகையை அந்தக் கணக்குல வச்சிருங்க. எந்தக் கணக்கு, பாஸ்புக் எங்கனு முதல் பக்கத்துலயே எழுதிருங்க.

ரெண்டாவது பக்கம் கடன். நகைக்கடனை கொஞ்சம் விளக்கமா சொல்றேன், நம்ம ஊர்ல அதிகம் நட்டமாகுறது அதுலதான். வழக்கமா ஒரு வருஷக் கெடு, கட்டலைனா நோட்டீஸ் விட்டு ஏலம் போட்டுருவாங்க. அந்த நோட்டீசும் எஸ்எம்எஸ்சும் வர்றது வீட்டுக்காரர் கொடுத்த முகவரிக்கும் அவர் போனுக்கும், அந்த போன் ஆஸ்பத்திரி பைக்குள்ள சார்ஜ் இல்லாம கெடந்தா யாருக்கு தெரியும்? இன்னொண்ணு, நகை உங்களுதா இருக்கலாம், ஆனா அடகு வச்சது யார் பேர்ல? தம்பி பேர்ல, மச்சான் பேர்ல, பட்டறைல வேலை பாக்குற பையன் பேர்லனு வைக்கிறது சகஜம். எவர் பேர்ல கடன் இருக்கோ அவர் வந்து கையெழுத்து போட்டாத்தான் திருப்ப முடியும். அதனால வெறுமன "நகை அடகுல இருக்கு"னு எழுதினா பிரயோஜனம் இல்ல, இப்படி எழுதணும்:

"கூட்டுறவு பேங்க், ... கிளை. கடன் நம்பர் ... கொழுந்தனார் பேர்ல. ரெட்டை வடம் சங்கிலி 1, வளையல் 2, மொத்தம் 42 கிராம். வாங்கினது 1,60,000. கெடு பங்குனி கடைசி, அதாவது ஏப்ரல் 10க்குள்ள. ரசீது: பீரோ நடு தட்டு, பச்சை பை. வட்டி கட்டி மாத்தி வச்சா நம்பர் மாறும், பழைய நம்பரை அடிச்சுட்டு புதுசு எழுதணும்."

இதுல கடைசி வரிதான் முக்கியம். வருஷா வருஷம் மாத்தி வைக்கிறப்ப புது ரசீது தருவாங்க, ஃபைல்ல பழைய நம்பரே கெடக்கும். எங்கிட்ட வந்த ஒரு குடும்பத்துல நாலு ரசீது இருந்துச்சு, அதுல மூணு ஏற்கெனவே மூடின கடன், எது உயிரோட இருக்குனு தெரியாம நாலு எடத்துக்கும் அலைஞ்சாங்க. மூடின கடனோட ரசீதை ஃபைல்ல வைக்காதீங்க, வச்சே ஆகணும்னா குறுக்க பெருசா கோடு போட்டு வைங்க.

வீட்டு லோனுக்கு லோன் நம்பர், பிராஞ்ச், இஎம்ஐ எந்தத் தேதில எந்தக் கணக்குல இருந்து போகுது, இவ்வளவும் எழுதுங்க. ஒரிஜினல் பத்திரம் பேங்க்ல இருக்கும், உங்ககிட்ட ஜெராக்ஸ்தான் இருக்கும், அதை ஒரிஜினல்னு நினைச்சு பீரோவை பொரட்டக்கூடாது. பத்திரம் கொடுத்தப்ப பேங்க்ல "என்னென்ன டாக்குமெண்ட் வாங்கிக்கிட்டோம்"னு ஒரு லிஸ்ட் சீல் வச்சு கொடுத்திருப்பாங்க, அந்த ஒரு தாளை மட்டும் தேடி ஃபைல்ல வைங்க. கடன் முழுசா கட்டின 30 நாளுக்குள்ள அவங்க ஒரிஜினலை திருப்பித் தரணும், லேட் பண்ணினா நாளுக்கு 5,000 ரூபா நஷ்டஈடுனு 2023 டிசம்பர்ல இருந்து ரிசர்வ் பேங்க் ரூல் இருக்கு. திருப்பி வாங்குறப்ப அந்த லிஸ்ட் கைல இருந்தாத்தான் எது குறையுதுனு தெரியும்.

அப்புறம் லோன் சாங்ஷன் லெட்டரை எடுத்து இன்சூரன்ஸ்னு ஏதாவது தொகை பிடிச்சிருக்காங்களானு பாருங்க. நிறைய வீட்டு லோன்ல கடன்காரர் இறந்தா மீதிக் கடனை அடைக்கிற ஒரு பாலிசியை சேர்த்தே கொடுத்திருப்பாங்க, பிரீமியத்தையும் கடன்லயே ஏத்தியிருப்பாங்க, குடும்பத்துக்கு தெரியவே தெரியாது. தெரியாம அந்தம்மா நகையை வித்து வருஷக்கணக்கா இஎம்ஐ கட்டிக்கிட்டு இருப்பாங்க. இருக்குனு தெரிஞ்சா அந்த பாலிசி சர்டிபிகேட் நம்பரை லோன் நம்பருக்கு பக்கத்துலயே எழுதுங்க.

கைமாத்து, சீட்டு, புரோநோட்டு, ரெண்டு பக்கமும் எழுதணும், அவர் கொடுக்க வேண்டியதும் அவருக்கு வர வேண்டியதும். புரோநோட்டுக்கு மூணு வருஷம்தான் ஆயுசு, நடுவுல வரவு வச்சு கையெழுத்து வாங்கினா அந்தத் தேதில இருந்து மறுபடி மூணு வருஷம். தேதியை பெருசா எழுதுங்க.

மூணாவது பக்கம் பாலிசி. எல்ஐசி மூணோ நாலோனு சொல்றீங்க பாருங்க, அந்த "ஓ"வை மொதல்ல தீருங்க. ஒவ்வொண்ணுக்கும் பாலிசி நம்பர், எந்த பிராஞ்ச், நாமினி யார், பிரீமியம் எந்த மாசம் எப்படி கட்டுறது, பாண்ட் எங்கனு எழுதுங்க. மாசப் பிரீமியம்னா 15 நாள், மூணு மாசம் ஆறு மாசம் வருஷம்னா 30 நாள் கிரேஸ் டைம், அதுக்குள்ள கட்டலைனா பாலிசி லாப்ஸ். அவர் படுத்திருக்குற நேரத்துல கணக்குல பணம் இல்லாம ஆட்டோ டெபிட் திரும்பி வந்துருச்சுனா இப்படித்தான் லாப்ஸ் ஆகும், எத்தனையோ குடும்பத்துக்கு நடந்திருக்கு. நாமினி எடத்துல கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட பாலிசில அவங்க அம்மா பேர்தான் இருக்கும், அம்மா காலமாயிருந்தாலும் யாரும் மாத்தியிருக்க மாட்டாங்க, அதை வீட்டுக்காரர் உயிரோட இருக்குறப்பவே மாத்தணும். பாலிசி மேல லோன் வாங்கியிருந்தா பாண்டும் எல்ஐசிகிட்டதான் இருக்கும், அதையும் எழுதுங்க.

அப்புறம் அவரோட பாஸ்புக்கை எடுத்து மே மாசக் கடைசிப் பக்கத்தை பாருங்க. 436 ரூபா ஒண்ணு, 20 ரூபா ஒண்ணு பிடிச்சிருந்தா அது பிரதம மந்திரி பேர்ல இருக்குற ரெண்டு இன்சூரன்ஸ். முதல்து எப்படி இறந்தாலும் 2 லட்சம், ரெண்டாவது விபத்துல இறந்தா 2 லட்சம். ரெண்டுக்கும் பாண்டுனு ஒண்ணும் வீட்டுக்கு வராது, பாஸ்புக் வரிதான் தடயம், அதனால கிளெய்ம் பண்ணாம போறதும் இதுதான் அதிகம். கிளெய்ம் அந்த பேங்க்லயே கொடுக்கணும்.

எழுதக் கூடாததும் இருக்கு. ஏடிஎம் பின், நெட் பேங்கிங் பாஸ்வேர்ட் எதையும் எழுதாதீங்க. ஒருத்தர் இறந்த பிறகு அவர் கார்டுல பணம் எடுக்குறது பொண்டாட்டியாவே இருந்தாலும் தப்பு, பின்னாடி பங்காளிக "எவ்வளவு எடுத்தே"னு கேட்டா பதில் சொல்ல முடியாது. அவர் போனைத் திறக்குற நம்பர் மட்டும் உங்களுக்கு தெரிஞ்சிருக்கட்டும், நோட்டீஸ் எல்லாம் அங்கிட்டுதான் வரும். என்ன ஆனாலும் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் போட்டுக்கிட்டே இருங்க, ரொம்ப நாள் யூஸ் பண்ணாம விட்டா நம்பர் வேற ஆளுக்கு போயிரும்.

ஃபைலை எங்க வைக்கிறது? பேங்க் லாக்கர்ல மட்டும் வைக்காதீங்க, லாக்கர் அவர் பேர்ல மட்டும் இருந்தா எந்த நேரத்துல ஃபைல் வேணுமோ அந்த நேரத்துல லாக்கரே திறக்க முடியாது. பீரோலனா சாவி அவர் இடுப்புலயே இருக்கக்கூடாது. உங்க அண்ணனோ தம்பியோ ஒருத்தருக்கு எடம் தெரிஞ்சிருக்கட்டும். போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டு விடுறாங்க, அது வேண்டவே வேண்டாம்.

கத்துறதுக்கு என்ன பண்றதுனு கேட்டீங்கள்ல. "உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா"னு ஆரம்பிச்சா எந்த ஆம்பளையும் கத்தத்தான் செய்வார். உங்க பக்கத்தை மொதல்ல எழுதி அவர் முன்னாடி வைங்க, உங்க கணக்கு, மகளிர் குழு கடன், உங்க நகை எத்தனை, எது எங்க இருக்கு. அப்புறம் "அந்த நகைக்கடன் கெடு எப்ப வருது, வட்டி கட்ட பணம் சேக்கணும்ல"னு அதை மட்டும் கேளுங்க. ரசீதை எடுக்க அவரே பீரோவைத் திறப்பார், அன்னைக்கு அந்த ஒரு வரியை எழுதுங்க, மத்ததை அடுத்த வாரம் பாத்துக்கலாம்.