அழுத்தினால் ஐஸ் எவ்வளவு உருகும்?

கேள்வி: வேலூர் மீன் மார்க்கெட் ஐஸ் பாரில் எடை கட்டிய கம்பியைத் தொங்கவிட்டால் உள்ளே இறங்குகிறது. அழுத்தத்தாலா?

ஓரளவுதான். அழுத்தத்தால் உருகுநிலை எப்படி மாறும் என்பதைச் சொல்லும் சமன்பாடு dP/dT = L/(TΔV). இதில் P அழுத்தம், L ஒரு கிலோ ஐஸ் உருகத் தேவையான வெப்பம், T கெல்வினில் உருகுநிலை, ΔV உருகும்போது கனஅளவில் வரும் மாற்றம். L, T இரண்டும் நேர்மதிப்பு. ஒரு கிலோ ஐஸ் நீரானால் சுமார் 90 மில்லி சுருங்குகிறது. ΔV குறைமதிப்பு, ஆகவே சாய்வும் அப்படியே. L = 334 கிலோஜூல், T = 273 கெல்வின் என்று போட்டால் டிகிரிக்குச் சுமார் −135 பார் வரும், அதாவது உருகுநிலை ஒரு டிகிரி இறங்க 135 பார் அழுத்தம் வேண்டும்.

சரி, அரை மில்லிமீட்டர் கம்பி, 10 செ.மீ. அகலக் கட்டி, 10 கிலோ எடை என்று வைப்போம். அழுத்தம் 20 பார், உருகுநிலை 0.15 டிகிரிதான் இறங்கும். ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்த −10 டிகிரி ஐஸில் கம்பி கிட்டத்தட்ட நகராது. வேலூர் வெயிலில் கட்டி ஏற்கெனவே 0 டிகிரியில் கசிந்துகொண்டிருக்கும். அப்புறம், இரும்புக் கம்பி வெளிச்சூட்டையும் உள்ளே கடத்துகிறது. அதே தடிமனுள்ள நைலான் நூலில் அதே எடையைத் தொங்கவிட்டுப் பாருங்கள், மெதுவாகத்தான் இறங்கும்.